மூட்டில் நிற்கும் ஆக்சிஜன்

தொண்டை கரகரப்புக்குச் சப்புகிற சில மிட்டாய்களின் உறையைத் திருப்பிப் பார்த்தால் ஹெக்சைல்ரிசார்சினால் என்ற பெயர் கண்ணில் படும். கிருமியைக் கொல்லும் பொருள் அது. ஒரு காலத்தில் குடற்புழுவுக்கும் கொடுத்தார்கள். அமைப்பு எளிமையானது: ரிசார்சினால் என்ற பென்சீன் வளையம், அதிலிருந்து வால் போல நீளும் ஆறு கார்பன்கள். வாலில் கிளை கிடையாது, ஒரே நேர்ச்சரம்.

இந்த வாலை வளையத்தில் ஒட்டவைப்பது, பார்ப்பதற்குத்தான் சுலபம். ஆறு கார்பன் கொண்ட குளோரைடை எடுத்து, அலுமினியம் குளோரைடு சேர்த்து வளையத்தோடு கலந்தால் போதாதா? போதாது. அலுமினியம் குளோரைடு குளோரினைப் பிடுங்கும்போது வாலின் நுனிக் கார்பனில் நேர்மின் சுமை உண்டாகிறது. நுனியில் அந்தச் சுமைக்கு இருப்புக் கொள்ளாது. பக்கத்துக் கார்பனிலிருந்து ஒரு ஹைட்ரஜன் நகர்ந்து வர, சுமை உள்ளே இடம் மாறிவிடும். வளையத்தோடு ஒட்டுவது அந்த உள் கார்பன். மூன்று கார்பன் குளோரைடை வைத்து இதைச் செய்தாலே தெரிந்துவிடும்: நேர்ச்சரமான புரோப்பைல் பென்சீன் கிடைக்க வேண்டிய இடத்தில், கவட்டை போலப் பிரிந்த ஐசோபுரோப்பைல் பென்சீன்தான் பெரும்பங்கு வரும். போதாததற்கு, ஒரு வால் ஒட்டிய வளையம் இன்னொரு வாலை இன்னும் ஆவலோடு இழுத்துக்கொள்ளும்.

இதற்கு வேதியியலாளர்கள் கண்ட சுற்றுவழி, வாலின் முதல் கார்பனில் ஓர் ஆக்சிஜனை இரட்டைப் பிணைப்பில் வைத்து, அதாவது கார்போனைலாக, ஒட்டுவது. அந்த ஆக்சிஜன் கூட இருந்தால் சுமை நகராது, வால் கிளைக்காது, இரண்டாவது வாலும் ஒட்டாது. எல்லாம் சரியாக முடிந்தபின் ஒரே ஒரு குறைதான் மிஞ்சும். வளையமும் வாலும் சேரும் மூட்டில் நமக்கு வேண்டாத அந்த ஆக்சிஜன் நிற்கும். C=O என்றிருக்கும் இடத்தை CH2 ஆக்க வேண்டும்.

அதை எடுப்பது எப்படி என்பதற்கு 1911 முதல் 1913 வரையிலான மூன்றே ஆண்டுகளில் இரண்டு விடைகள் வந்தன. ஒன்று கொதிக்கும் காரத்தில் நடப்பது, மற்றது கொதிக்கும் அமிலத்தில் நடப்பது. நம்மூர் பி.எஸ்சி. மாணவர்கள் இரண்டையும் 'உல்ஃப்–கிஷ்னர்', 'கிளெமன்சன்' என்று ஒரே மூச்சில் மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வுத்தாளில் ஒன்றுக்கு எதிரே மற்றொன்றை எழுதினாலும் விளைபொருள் ஒன்றுதான். குடுவைக்குள் இரண்டும் துளியும் ஒட்டாதவை. எனக்கு இந்த வேறுபாடு பிடிபட்டது ஒரு சோதனை கெட்டுப்போன நாளில்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அமில வழி. எரிக் கிளெமன்சன் டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர். டெட்ராய்ட்டில் பார்க் டேவிஸ் மருந்து நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1913இல் ஜெர்மன் வேதியியல் ஏடு ஒன்றில் தன் முறையை வெளியிட்டார். பாதரசம் பூசிய துத்தநாகம், ஹைட்ரோகுளோரிக் அமிலம், கீட்டோன் மூன்றையும் சேர்த்துக் கொதிக்க வைத்தால் ஆக்சிஜன் தண்ணீராகப் போய்விடும் என்றார். மேலே சொன்ன ஹெக்சைல்ரிசார்சினாலும் இப்படித்தான் செய்யப்பட்டது.

இதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். பென்சீனையும் சக்சினிக் நீரிலியையும் அலுமினியம் குளோரைடால் இணைத்தால் பென்சாயில் புரோப்பியானிக் அமிலம் கிடைக்கும். அதன் மூட்டிலும் ஓர் ஆக்சிஜன் உண்டு. அதை எடுத்துவிட்டால் ஃபீனைல்பியூட்டிரிக் அமிலம். இதன் சோடியம் உப்பு, உடலில் அம்மோனியாவை யூரியாவாக மாற்ற முடியாமல் பிறக்கும் குழந்தைகளுக்குக் கொடுக்கப்படும் மருந்து.

120 கிராம் துத்தநாகத் துண்டுகளைக் குடுவையில் போட வேண்டும். 12 கிராம் மெர்குரிக் குளோரைடு, 200 மில்லி தண்ணீர், ஐந்தாறு மில்லி அடர் அமிலம் சேர்த்து ஐந்து நிமிடம் குலுக்க வேண்டும். சாம்பல் படிந்து கிடந்த துத்தநாகம் கண்ணெதிரே வெளுத்து, புதிதாக ஈயம் பூசிய பாத்திரம்போலப் பளபளக்கும். துத்தநாகம் கரைசலில் இறங்க, பாதரசம் உலோகமாக அதன் மேல் படிகிறது. அதுதான் ரசக்கலவை. மேலே நிற்கும் நீரை இறுத்துத் தனிப்புட்டியில் சேர்க்க வேண்டும். அது பாதரசக் கழிவு, கைகழுவும் தொட்டிக்குப் போகக் கூடாது. பிறகு 75 மில்லி தண்ணீர், 175 மில்லி அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 100 மில்லி டொலுயீன், கடைசியாக 50 கிராம் கீட்டோ அமிலம். குளிர்விப்பானைச் செருகி முப்பது மணி நேரம் நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். சுமார் ஆறு மணிக்கு ஒரு முறை 50 மில்லி அமிலமாக மூன்று முறை ஊற்ற வேண்டும், ஏனென்றால் ஹைட்ரஜன் குளோரைடு ஓயாமல் ஆவியாகப் போய்க்கொண்டிருக்கும். முடிவில் 38 முதல் 41 கிராம் வரை கிடைக்கும். கணக்குப்படி வரக்கூடியதில் ஏறத்தாழ 82 முதல் 89 விழுக்காடு.

பாதரசம் எதற்கு? துத்தநாகத்தைச் சும்மா அமிலத்தில் போட்டாலே குமிழி பொங்கும். எலெக்ட்ரான்களெல்லாம் அமிலத்தின் ஹைட்ரஜனுக்கே போய்விடும், கீட்டோனுக்கு மிஞ்சாது. பாதரசப் பரப்பில் ஹைட்ரஜன் வாயு எளிதில் உண்டாகாது. அந்தத் தடை இருப்பதால்தான் துத்தநாகம் விடும் எலெக்ட்ரான்கள் கீட்டோனைப் போய்ச் சேர்கின்றன. ஒரு கார்போனைலுக்கு நான்கு எலெக்ட்ரான் வேண்டும், அதாவது இரண்டு துத்தநாக அணுக்கள். மேலே சொன்ன அளவில் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் துத்தநாகம் இருக்கிறது. அப்படியும் கணிசமான பங்கு ஹைட்ரஜனாக வீணாகத்தான் போகிறது.

டொலுயீன் எதற்கு என்பது இன்னும் சுவையான கேள்வி. கீட்டோன் அமிலத்தில் அடர்த்தியாக இருந்தால், துத்தநாகப் பரப்பில் பாதி வழி வந்த இரண்டு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து இரட்டையாகிவிடும், பிசினும் சேரும். டொலுயீன் கீட்டோனின் பெரும்பகுதியைத் தன் அடுக்கில் வைத்துக்கொண்டு அமிலத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. இந்த மாற்றத்தை 1936இல் மார்ட்டின் என்பவர் கொண்டுவந்தார்.

துத்தநாகம் முதலில் கீட்டோனை ஆல்கஹாலாக்கி, பிறகு அந்த ஆல்கஹாலின் ஆக்சிஜனை எடுக்கிறது என்றே யாருக்கும் தோன்றும். அப்படி இல்லை. சாதாரண ஆல்கஹாலை இதே குடுவையில் போட்டால் அது பெரும்பாலும் மாறாமல் திரும்பி வரும். கீட்டோன் துத்தநாகப் பரப்பிலேயே பற்றிக்கொண்டு, கார்பனுக்கும் உலோகத்துக்கும் நேரடித் தொடர்பு ஏற்பட்டு, அங்கேயே ஆக்சிஜனை இழக்கிறது. அந்த நடுக்கட்டத்தின் சரியான உருவம் பற்றி வேதியியலாளர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

இனி கார வழி. நிகோலாய் கிஷ்னர் ரஷ்யாவில், சைபீரிய நகரமான தோம்ஸ்கில் பேராசிரியர். கை கால்களில் அழுகல் நோய் வந்து உறுப்புகளை வெட்டி எடுக்க நேர்ந்தவர். அந்த நிலையிலும் ஆய்வகத்தை விடாத மனிதர். 1911இல் அவர் வெளியிட்ட வழி, கீட்டோனின் ஆக்சிஜனை எடுத்த எடுப்பில் தொடவில்லை. முதலில் கீட்டோனோடு ஹைட்ரசீனைச் சேர்க்க வேண்டும். ஹைட்ரசீனில் இரண்டு நைட்ரஜன்கள் கைகோத்து நிற்கின்றன. ஒன்று கார்பனோடு ஒட்டிக்கொள்ள, ஆக்சிஜன் தண்ணீராக விலகும். கிடைப்பது ஹைட்ரசோன். இப்போது C=O இருந்த இடத்தில் C=N. கிஷ்னர் அந்த ஹைட்ரசோனைச் சூடான பொட்டாசியம் ஹைட்ராக்சைடின் மேல் சொட்டுச் சொட்டாக விட்டார். நைட்ரஜன் வாயுவாகப் பறந்தது, ஹைட்ரோகார்பன் மிஞ்சியது. அடுத்த ஆண்டு ஜெர்மனியின் யேனா நகரில் லுட்விக் உல்ஃப் ஏறக்குறைய இதையே சோடியம் ஈத்தாக்சைடு சேர்த்து, கண்ணாடிக் குழாயை மூடி உருக்கி ஒட்டி, 180 டிகிரி அளவில் சூடாக்கிச் செய்தார். இருவர் பெயரும் சேர்ந்தே நிலைத்தது.

இந்த வழியின் அழகு எனக்கு எப்போதும் வியப்பு. ஆக்சிஜனைப் பிடுங்குவது கடினம். ஆனால் அதைத் தண்ணீராக வெளியே அனுப்பி அந்த இடத்தில் நைட்ரஜனை உட்காரவைப்பது எளிது. உட்கார்ந்த நைட்ரஜனுக்கோ பக்கத்திலேயே துணை இருக்கிறது. காரம் அந்த நைட்ரஜன் மீதுள்ள ஹைட்ரஜன்களை ஒவ்வொன்றாக உருவ, கரைப்பானிலிருந்து கார்பனுக்கு ஹைட்ரஜன் வந்து சேர, கடைசியில் இரண்டு நைட்ரஜன்களும் தங்களுக்குள் மூன்று பிணைப்பு போட்டுக்கொண்டு N2 ஆகக் கிளம்பிவிடுகின்றன. அவ்வளவு உறுதியான மூலக்கூறு உண்டாவதே இந்த வினையை முன்னே தள்ளுகிறது. போன வாயு திரும்பி வராது. உலோகம் எதுவும் தேவையில்லை.

ஆனால் நீண்ட காலம் இது பெரிய பாடாக இருந்தது. தண்ணீர் இருந்தால் கார்பனுக்கு ஹைட்ரஜன் சேரும் கட்டம் மந்தமாகும். ஹைட்ரசோன் உடைந்து திரும்பக் கீட்டோனாகவும் கூடும், அந்தக் கீட்டோன் காரத்தில் ஆல்கஹாலாகத் திசை மாறும். அதனால் தண்ணீரே இல்லாத ஹைட்ரசீனும் சோடியம் உலோகமும் வைத்து 50 முதல் 100 மணி நேரம் வரை கொதிக்கவிட்டார்கள். தண்ணீர் நீக்கிய ஹைட்ரசீன் நச்சும் வெடிக்கும் தன்மையும் கொண்டது, கையாளும்போது உயிரைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இதை எளிமையாக்கியவர் ஹுவாங் மின்லோன் என்ற சீன வேதியியலாளர். ஹார்வர்டில் ஃபீசர் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது, 1946இல் தன் மாற்றத்தை வெளியிட்டார். கொதிக்கும் குடுவையை ஒரு நண்பரின் பொறுப்பில் விட்டு அவர் வெளியூர் போனதாகவும், அந்த நேரத்தில் கார்க் தளர்ந்து ஆவி வெளியேறிவிட்டதாகவும், திரும்பி வந்து பார்த்தபோது விளைச்சல் எதிர்பாராத அளவு நன்றாக இருந்ததாகவும் ஒரு கதை வகுப்பறைகளில் சொல்லப்படுகிறது. கதை எப்படியானாலும் அவர் கண்டது தெளிவு: தண்ணீரை உள்ளே வராமல் காக்கப் போராட வேண்டாம், வந்த தண்ணீரை வெளியே விட்டால் போதும்.

அவர் தந்த சமையல் குறிப்பு இப்படி. எடுத்துக்கொண்ட பொருள் ஃபீனாக்சிபென்சாயில் புரோப்பியானிக் அமிலம், நாம் மேலே பார்த்த கீட்டோ அமிலத்துக்கு ஒரு வளையம் கூடுதலாக உள்ள அண்ணன். அது 500 கிராம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 350 கிராம், கடையில் கிடைக்கும் 85 விழுக்காடு ஹைட்ரசீன் ஹைட்ரேட் 250 மில்லி, கரைப்பானாக டைஎத்திலீன் கிளைக்கால் இரண்டரை லிட்டர். ஒன்றரை மணி நேரம் குளிர்விப்பானோடு கொதிக்கவிட வேண்டும். அதற்குள் ஹைட்ரசோன் உண்டாகிவிடும். பிறகு குளிர்விப்பானைத் திருப்பிவைத்துத் தண்ணீரை வடித்தெடுக்க வேண்டும். தண்ணீர் போகப் போகக் குடுவையின் வெப்பம் ஏறி 195 டிகிரியைத் தொடும். அங்கே நான்கு மணி நேரம். கிடைத்தது 451 கிராம், அதாவது 95 விழுக்காடு. கிளைக்கால் 245 டிகிரிக்கு அருகில்தான் கொதிக்கும் என்பதால் மூடிய குழாயும் அழுத்தமும் தேவைப்படவில்லை. வெளியே வரும் நைட்ரஜன் சாதாரண அறை வெப்பத்தில் சுமார் 44 லிட்டர் இருக்க வேண்டும், ஆனால் மிகுதி ஹைட்ரசீனும் தானே கொஞ்சம் சிதைவதால் வாயுவை அளந்து வினையின் முடிவைச் சொல்ல முடியாது.

என் கெட்டுப்போன சோதனை இந்த இடத்தில்தான். எம்.எஸ்சி. படித்தபோது நானும் நண்பரும் கார வழியில் ஒரு கீட்டோனை ஒடுக்க நின்றோம். குறிப்பில் 'தண்ணீரை வடிக்கவும்' என்று இருந்ததை, ஏதோ கடைசிச் சுத்திகரிப்பு என்று நினைத்து விட்டுவிட்டோம். குளிர்விப்பான் நேராக நின்றது. மாலை வரை நன்றாகத்தான் கொதித்தது. வெப்பமானி மட்டும் 130ஐத் தாண்டவில்லை. இன்னும் ஒரு மணி நேரம் பார்க்கலாம் என்று அடுப்பைக் கூட்டினோம். பாதரசம் அசையவில்லை.

துளி எடுத்து டைநைட்ரோஃபீனைல்ஹைட்ரசீன் கரைசலில் விட்டதும் ஆரஞ்சு நிற வீழ்படிவு உடனே இறங்கியது. கீட்டோனுக்கும் அமிலத்தில் கீட்டோனாகத் திரும்பும் ஹைட்ரசோனுக்கும் வரும் நிறம் அது, இன்னும் எதுவும் நடக்கவில்லை என்று அர்த்தம். எங்கள் ஆசிரியர் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, தண்ணியக் குடுவைக்குள்ளேயே வச்சுக்கிட்டு எப்படி வெப்பம் ஏறும்?" என்று கேட்டுவிட்டுப் போனார். குளிர்விப்பானைத் திருப்பினோம். வாங்கி நின்ற குடுவையில் முதல் சொட்டு விழுந்ததும், நான் வெப்பமானியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 140, 160, 180. 190ஐ நெருங்கும்போது குடுவைக்குள் சன்னமாகப் பொங்கியது. அது நைட்ரஜன்.

வினை முடிந்ததா என்று அறிய அந்த ஆரஞ்சுச் சோதனை நல்லது, உருகுநிலையும் நல்லது. பென்சாயில் புரோப்பியானிக் அமிலம் சுமார் 116 டிகிரியில் உருகும், ஒடுக்கியபின் கிடைப்பது 50ஐ ஒட்டி உருகும். அகச்சிவப்பு நிறமாலையை மட்டும் நம்பக் கூடாது. மூலக்கூறின் மறுமுனையில் கார்பாக்சிலிக் அமிலத்தின் கார்போனைலும் இருக்கிறது. அதன் உச்சி, போக வேண்டிய கீட்டோன் உச்சியோடு ஒட்டியே வரும், பிரித்துப் பார்ப்பது கடினம். அந்த அமிலக் கார்போனைல் மட்டும் ஏன் தப்பித்தது என்று கேட்கலாம். கார வழியில் அது எதிர்மின் உப்பாகிவிடுகிறது, ஹைட்ரசீன் அதை நாடுவதில்லை. அமில வழியிலும் துத்தநாகம் அதைத் தொடுவதில்லை.

எதை எப்போது எடுப்பது? மூட்டு ஆக்சிஜனைப் பார்த்து இதை முடிவு செய்ய முடியாது, மூலக்கூறின் மற்ற உறுப்புகளைப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் மூன்று கார்பன்களுக்கு நடுவே ஹைட்ராக்சில் இருந்தால், கொதிக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் அதைத் தண்ணீராகக் கழற்றி இரட்டைப் பிணைப்பாக்கிவிடும். காரத்தில் அது பத்திரமாக இருக்கும். வேறொரு கார்போனைலை அசெட்டாலாகப் போர்த்தி மறைத்திருந்தாலும் அமிலம் அந்தப் போர்வையைக் கிழித்துவிடும். மறுபுறம், எங்கேயாவது சங்கிலியில் குளோரினோ புரோமினோ தொங்கினால் ஹைட்ரசீன் அதையும் தாக்கும், எஸ்டர் இருந்தால் காரம் அதை உடைக்கும். கீட்டோனுக்குப் பக்கத்துக் கார்பனிலேயே எளிதில் விலகும் குழு இருந்தால் காரத்தில் CH2 கிடைக்காது, அந்தக் குழு கழன்று இரட்டைப் பிணைப்பு உண்டாகும். நாலாபுறமும் கார்பன்கள் நெருக்கி நிற்கும் கீட்டோனை ஹைட்ரசீன் அணுகவே முடியாது. ஸ்டீராய்டுகளின் 11ஆம் இடத்துக் கீட்டோன் அப்படிப்பட்டது. அதற்காக பார்ட்டனும் கூட்டாளிகளும் 1955இல் மறுபடி தண்ணீரில்லாத ஹைட்ரசீனுக்கே போக வேண்டியிருந்தது.

195 டிகிரி என்பதே பல மூலக்கூறுகளுக்குத் தாங்காது. கிராம் 1962இல் வேறு ஒரு வழி காட்டினார். ஹைட்ரசோனைத் தனியே செய்துகொண்டு, டைமெத்தில் சல்ஃபாக்சைடில் பொட்டாசியம் டெர்ஷரி பியூட்டாக்சைடோடு மெல்லச் சேர்த்தால் அறை வெப்பத்திலேயே நைட்ரஜன் கிளம்பும். மெல்ல என்பது முக்கியம். அவசரப்பட்டு மொத்தமாகக் கொட்டினால், இரண்டு கீட்டோன்கள் ஒரே ஹைட்ரசீனைப் பங்கிட்டுக்கொண்ட அசீன் என்ற பொருளாக ஒரு பகுதி வீணாகும்.

இன்று இந்த இரண்டின் மீதும் தயக்கம் இருக்கிறது. ஒன்றில் பாதரசம், மற்றதில் புற்றுநோய் ஆபத்துள்ள ஹைட்ரசீன். ஃபீனைல்பியூட்டிரிக் அமிலம் போல, கீட்டோன் வளையத்தை ஒட்டியே நிற்கும் பொருள்களுக்குப் பலேடியம் பூசிய கரியும் ஹைட்ரஜனும் போதும். அங்கே பலேடியம் முதலில் ஆல்கஹாலாக்கி, வளையத்தின் துணையோடு அதன் ஆக்சிஜனையும் எடுத்துவிடும். கீட்டோன் வளையத்திலிருந்து இரண்டு கார்பன் தள்ளி நின்றால் அந்தத் துணை இல்லை, வினை ஆல்கஹாலோடு நின்றுபோகும். அப்போது மூலக்கூறின் மற்ற உறுப்புகளைப் பட்டியலிட்டு, எது அமிலத்தைத் தாங்கும், எது காரத்தைத் தாங்கும் என்று எழுதிப் பார்த்துவிட்டு, துத்தநாகப் புட்டியையோ ஹைட்ரசீன் புட்டியையோ அலமாரியிலிருந்து எடுக்க வேண்டியிருக்கிறது.